பாலிசியைச் சுருக்கும்போது ‘தவிர’ எங்கே போகிறது?

மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் ஏஜெண்ட் சொல்லும் முதல் நாலைந்து வாக்கியங்களில் இது கட்டாயம் இருக்கும்: “முதல் முப்பது நாள் மட்டும் கிளைம் பண்ண முடியாது சார். அதுக்கப்புறம் எல்லாம் உண்டு.” கேட்டவுடன் புரிகிறது, நினைவிலும் நிற்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் தம்பியிடமும் அதையே சொல்கிறோம். பாலிசிப் புத்தகத்தில் மூன்று பத்தியாக அச்சாகியிருக்கும் ஒரு விதி, குடும்பத்துக்குள் ஒரே வரியாக நிலைத்துவிடுகிறது.

அந்த ஒரு வரி தப்பு. எங்கே தப்பு என்று பார்ப்பதற்கு முன், மூல விதியைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் சில விலக்குகளின் வாசகம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அவற்றுக்கு ஒரே சொற்களையும் ஒரே குறியீட்டையும் வகுத்துத் தந்திருக்கிறது. முப்பது நாள் விதியின் குறியீடு Excl03. உங்கள் பாலிசியிலும் இதே குறியீட்டைத் தேடினால் கிடைக்கும். அதன் சாரத்தை எதையும் விடாமல் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

அ) முதல் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எந்த நோய்க்கு எடுக்கும் சிகிச்சையின் செலவும் விலக்கப்படுகிறது. விபத்தால் எழும் கிளைம்கள் இதில் சேரா. ஆனால் அவை பாலிசியில் அடங்கியவையாக இருக்க வேண்டும்.

ஆ) காப்பீடு பெற்றவருக்கு 12 மாதங்களுக்கு மேல் தொடர்ச்சியான காப்பீடு இருந்தால் இந்த விலக்கு பொருந்தாது.

இ) பிற்பாடு காப்பீட்டுத் தொகை உயர்த்தப்பட்டால், உயர்த்திய தொகைக்கு இந்தக் காத்திருப்புக் காலம் பொருந்தும்.

ஏஜெண்டின் ஒரு வரி இந்த விதிக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. விதியில் எத்தனை திருப்பங்கள் இருக்கின்றனவோ அத்தனை ஆட்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் முதலில் முழு விதியிடமும், பிறகு சுருக்கத்திடமும் அனுப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

முதல் ஆள் புதிதாக பாலிசி எடுத்தவர். பன்னிரண்டாம் நாள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்கிறார். முழு விதிப்படி பணம் கிடைக்காது. ஏஜெண்டின் வரியும் அதையே சொல்கிறது. சரி.

இரண்டாம் ஆளும் புதியவர்தான். ஐந்தாம் நாள் மழையில் பைக் சறுக்கிக் கால் எலும்பு முறிகிறது. முழு விதிப்படி இவருக்குக் கிடைக்கும், ஏனென்றால் இது விபத்து. ஏஜெண்டின் வரியை நம்பினால் கிடைக்காது. இவர் ஒரு வார்த்தை கேட்காமல் கைக்காசைக் கட்டிவிட்டு வீடு திரும்புவார். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் உண்டு; அந்தக் கெடுவும் இவரையறியாமல் போய்விடும்.

மூன்றாமவர் மூன்று வருடமாக வேறொரு நிறுவனத்தில் பாலிசி வைத்திருந்து, இடையில் விடாமல் இங்கே போர்ட் செய்துகொண்டு வந்தவர். பத்தாம் நாள் காய்ச்சல் வந்து படுக்கிறார். அவருக்குப் பழைய தொகை அளவுக்குத் தொடர் காப்பீடு இருக்கிறது, விலக்கு பொருந்தாது. சுருக்கமோ இவரையும் முதல் ஆளோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நான்காமவர்தான் முக்கியமானவர். பத்து வருட வாடிக்கையாளர். இந்த வருடம் புதுப்பிக்கும்போது 5 லட்ச ரூபாய் காப்பீட்டைப் 10 லட்சமாக உயர்த்தினார். புதுப்பித்த இருபதாம் நாள் நிமோனியா. பில் 7 லட்சம். முழு விதிப்படி பழைய 5 லட்சத்துக்குத் தடையில்லை. மீதி 2 லட்சம் உயர்த்திய பகுதியிலிருந்து வர வேண்டும், அதற்கு இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. ஆகவே அந்த 2 லட்சம் அவர் கையைக் கடிக்கும். “முதல் முப்பது நாள்தானே, அதெல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு” என்றுதான் அவர் குடும்பம் நினைத்திருக்கும்.

நான்கு பேரில் ஒருவருக்குத்தான் சுருக்கம் சரியான பதில் சொல்கிறது. அதிலும் இரண்டு பேருக்கு உரிமை இருந்தும் இல்லை என்கிறது. ஒருவருக்கு இல்லாத பணத்தை இருப்பதாகச் சொல்கிறது. எந்தப் பக்கம் தவறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்க முடியாது. இது வெறும் மொழிநடைப் பிரச்சினை இல்லை என்று நான் நினைப்பது அதனால்தான்.

இந்த விதியின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு பொது விதி: 30 நாள் இல்லை. அதன்மேல் இரண்டு விதிவிலக்குகள்: விபத்து, தொடர் காப்பீடு. அந்த இரண்டின் மேலும் ஆளுக்கொரு கட்டு. விபத்தாக இருந்தாலும் பாலிசியில் அடங்கியதாக இருக்க வேண்டும். தொடர் காப்பீடு இருந்தாலும் உயர்த்திய தொகைக்குக் காத்திருக்க வேண்டும். அதாவது விதி, விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விலக்கு என்று மூன்று அடுக்கு. சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறார்கள். “விபத்து என்றால் முதல் நாளிலிருந்தே உண்டு” என்று எழுதியதும் வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது.

அது முடியவில்லை என்பதற்கு ஐந்தாவது ஆள் சாட்சி. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தொழில்முறையாக பைக் ஓட்டுகிறவர், பாலிசி எடுத்த பத்தாம் நாள் பந்தயத்தில் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொள்கிறார். சந்தேகமில்லாமல் விபத்துதான். ஆனால் தொழில்முறையாக ஆபத்தான விளையாட்டுகளில் இறங்கும்போது ஏற்படும் காயத்துக்கான சிகிச்சை Excl09 என்ற இன்னொரு விலக்கில் வருகிறது. மோட்டார் பந்தயம் அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. ‘அவை பாலிசியில் அடங்கியவையாக இருக்க வேண்டும்’ என்ற சின்ன வாலின் வேலை இதுதான்: முப்பது நாள் தடையை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற விலக்குகளை அப்படியே இருக்கவிடுவது. வாலை வெட்டினால், ஒரு தடையை நீக்கிய வாக்கியம் எல்லாத் தடைகளையும் நீக்கிய வாக்குறுதியாக மாறிவிடுகிறது.

ஆ-வுக்கும் இ-க்கும் உள்ள வரிசையும் கவனிக்க வேண்டியது. நம் நான்காமவருக்கு 12 மாதத்துக்கு மேல் தொடர் காப்பீடு இருக்கிறது. ஆ-வை மட்டும் படித்தால் அவருக்கு விலக்கே கிடையாது. இ வந்துதான் அதை உயர்த்திய தொகை அளவுக்குத் திருத்துகிறது. ஒருவர் சுருக்கும்போது இ-யை முன்னால் கொண்டுபோய், “புதிதாகச் சேர்த்த தொகைக்கும் 30 நாள் உண்டு, 12 மாதத்துக்கு மேல் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது” என்று எழுதினால், ஒரு சொல்லும் விடுபடவில்லை. ஆனாலும் பின்னால் வந்த ஆ, முன்னால் நிற்கும் இ-யை விழுங்கிவிடும். நான்காமவருக்கு முழு 7 லட்சமும் உண்டு என்று இந்தச் சுருக்கம் சொல்கிறது. எல்லா நிபந்தனையையும் எழுதியாயிற்று என்று சரிபார்த்தால் மட்டும் போதாது, எது எதைத் திருத்துகிறது என்பதும் கூடவே வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதும்போது இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிபந்தனைகளை வினையெச்சங்களாக அடுக்கி, எல்லாவற்றையும் கடைசியில் ஒரே வினைமுற்றில் கட்டுவது நமக்குச் சுலபமாக வரும். “பாலிசியில் அடங்கியிருந்தால் விபத்தைத் தவிர மற்ற சிகிச்சைகளுக்கு 30 நாட்கள் வரை செலவு வழங்கப்படாது” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இலக்கணம் சரி. ‘தவிர’ இருக்கிறது, ‘இருந்தால்’ இருக்கிறது. ஆனால் பாலிசியில் எது அடங்கியிருக்க வேண்டும்? விபத்தா, மற்ற சிகிச்சைகளா? படிக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் வினைமுற்று அதைத்தான் பேசுகிறது. நிபந்தனை உயிரோடு இருக்கிறது, ஆனால் வேறு ஆளின் தோளில் உட்கார்ந்துவிட்டது.

இதற்கு மருந்து, வாக்கியத்தை உடைப்பது. ஒரு நிபந்தனைக்கு ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் அது எதைப் பற்றியது என்பதைப் பெயர் சொல்லி எழுதிவிடுவது. ‘இது’, ‘அது’, ‘மேற்கண்டவை’ என்று விட்டால் திரும்பவும் அதே குழப்பம். Excl03-ஐ நான் இப்படிச் சுருக்குவேன்:

“முதல் பாலிசி தொடங்கி 30 நாட்களுக்குள் எடுக்கும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. விபத்துச் சிகிச்சைக்கு இந்த 30 நாள் தடை இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சை பாலிசியில் அடங்கியதாக இருக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் விடாமல் காப்பீடு வைத்திருப்பவருக்கும் 30 நாள் தடை இல்லை. யார் எப்போது காப்பீட்டுத் தொகையைக் கூட்டினாலும், கூட்டிய பகுதிக்கு மட்டும் அன்றிலிருந்து 30 நாள் உண்டு.”

ஐந்து பேரையும் இதனிடம் அனுப்பிப் பாருங்கள். முழு விதி சொன்ன பதிலே வரும். கடைசி வாக்கியத்தில் ‘யார் எப்போது’ என்று நீட்டியிருப்பது வேண்டுமென்றேதான். அங்கே ‘அவர்’ என்று எழுதினால் ஒரு சொல் மிச்சம். ஆனால் முந்தின வாக்கியத்தில் வரும் 12 மாதக்காரரை மட்டும் அது குறிப்பதாக ஆகிவிடும். மூலத்தில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. ‘கூட்டிய பகுதிக்கு மட்டும்’ என்பதில் உள்ள ‘மட்டும்’ இல்லாவிட்டாலோ, தொகையைக் கூட்டியதால் பழைய 5 லட்சமும் முடங்கிவிடுமோ என்று ஒருவர் பயந்து கூட்டாமலே இருந்துவிடலாம்.

வெட்டக்கூடியவை இந்த விதியில் எவ்வளவோ இருக்கின்றன. ‘செலவு விலக்கப்படுகிறது’ என்பதைப் ‘பணம் கிடைக்காது’ என்று சொல்லலாம். ‘காத்திருப்புக் காலம்’ என்ற பெயரைக்கூட விட்டுவிடலாம். வெட்டக் கூடாதவை, காலத்தின் தொடக்கப் புள்ளி, ‘விடாமல்’ என்ற தொடர்ச்சி, ‘மட்டும்’ என்ற அளவு, ஒவ்வொரு விலக்கின் தலையிலும் உள்ள கட்டு. சொற்கள் நிறையக் குறைந்துவிடவில்லையே என்று தோன்றலாம். உண்மைதான். நிபந்தனை நெருக்கமான விதி அதிகம் சுருங்காது. ஆனால் படிக்க எளிதாகும். கால்வாசியாகக் குறைந்துவிட்டது என்றால் எதையோ இழந்துதான் குறைந்திருக்கிறது.

சுருக்கத்தில் எது விழுகிறது என்பது சுருக்குகிறவர் யார் என்பதைப் பொறுத்தும் மாறும். விற்கிறவர் சொல்லும் சுருக்கத்தில் வாடிக்கையாளருக்கு எதிரான கட்டுகள் விழும். கிளைமை மறுத்து வரும் கடிதத்தின் சுருக்கத்தில் வாடிக்கையாளருக்கு ஆதரவான விலக்குகள் விழும். ‘பாலிசி தொடங்கி 30 நாட்களுக்குள் சிகிச்சை பெற்றதால்’ என்று ஒரு வரியோடு கடிதம் நின்றுவிடும், போர்ட் செய்து வந்தவர் என்பது பேசப்படாது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லாமலே இது நடக்கிறது. அவரவருக்கு எந்த வரி தேவையோ அது நினைவில் நிற்கிறது.

விற்கிற பக்கத்து உதாரணம் ஒன்று: “சுகர் இருந்தா மூணு வருஷம் கழிச்சு கவர் ஆயிடும்.” முன்பே இருக்கும் நோய்க்கான விதி Excl01. காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும். 2024-ல் வந்த விதிகளின்படி அது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதே விதியின் கடைசிப் பத்தி, காலம் முடிந்தபின் கிடைக்கும் பாதுகாப்பு, விண்ணப்பிக்கும்போதே அந்த நோயைத் தெரிவித்து நிறுவனமும் அதை ஏற்றிருந்தால்தான் என்று சொல்கிறது. ஏஜெண்ட் வாக்கியத்தில் இந்தப் பத்தி இல்லை. அதனால் விண்ணப்பத்தில் ‘சர்க்கரை நோய் உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் போட்டவர்கூட, மூன்று வருடம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறார்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வாக்கியமும் ஊரில் உலவுகிறது: “அஞ்சு வருஷம் கட்டிட்டா எந்த கிளைமையும் மறுக்க முடியாது.” 2024-க்கு முன் இது எட்டு வருடமாக இருந்தது, இப்போது 60 மாதம். மூல விதி சொல்வது இது. தொடர்ச்சியாக 60 மாதம் காப்பீடு இருந்தபின், விவரத்தை மறைத்தார் அல்லது தவறாகச் சொன்னார் என்ற காரணத்தைக் காட்டி பாலிசியையோ கிளைமையோ நிறுவனம் எதிர்க்க முடியாது, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர. இந்தக் கணக்கு முதல் பாலிசியின் தொகைக்கு உரியது. தொகை உயர்த்தப்பட்டால், உயர்த்திய அளவுக்கு மட்டும் உயர்த்திய நாளிலிருந்து புதிதாக 60 மாதம்.

எண்களை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் 2019 ஏப்ரல் 1 அன்று 3 லட்சத்துக்கு பாலிசி எடுத்தார். 2023 ஏப்ரல் 1 அன்று அதைப் 10 லட்சமாக்கினார். விடாமல் கட்டி வருகிறார். 2025 ஜூனில் இதய அறுவை சிகிச்சை. பில் ஆறரை லட்சம். 2019-க்கு முன்பே அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் தெரிகிறது. முதல் 3 லட்சத்துக்கு 60 மாதம் 2024 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. அந்த அளவுக்கு ‘மறைத்தார்’ என்ற வாதம் செல்லாது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டும் வேறு. கூட்டிய 7 லட்சத்துக்குக் கெடு 2028 மார்ச் 31 வரை ஓடுகிறது. மீதி மூன்றரை லட்சம் அங்கிருந்துதான் வர வேண்டும். அதில் நிறுவனம் கேள்வி எழுப்ப இடம் இருக்கிறது. ஏஜெண்டின் வரிப்படி முழுப் பணமும் உறுதி. விதிப்படி பாதிக்கும் மேல் கேள்விக்குறியில் நிற்கிறது.

இங்கே ‘எந்த கிளைமையும்’ என்ற விரிவும் தப்பு. விதி மூடுவது மறைத்தல், தவறாகச் சொல்லுதல் என்ற இரண்டு வாசல்களை மட்டும். பாலிசியில் நிரந்தரமாக விலக்கப்பட்ட சிகிச்சை ஐந்து வருடம் கழித்தும் விலக்கப்பட்டதுதான். அறை வாடகை உச்சவரம்பும் அப்படியேதான் இருக்கும்.

ஒரு ‘தவிர’ எவ்வளவு கனமானது என்பதை ஆயுள் காப்பீட்டோடு ஒப்பிட்டால் தெரியும். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-ல் திருத்தப்பட்டபின், ஆயுள் பாலிசியை மூன்று வருடம் கழித்து எந்தக் காரணத்தாலும் கேள்வி கேட்க முடியாது. அங்கே மோசடிக்குக்கூடத் தனி விலக்கு வைக்கவில்லை. மருத்துவக் காப்பீட்டு விதியில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் “கொஞ்ச வருஷம் கழிச்சு மறுக்க முடியாது” என்று ஒரே அச்சில் வார்த்தால், சட்டம் தெரிந்தே வேறுபடுத்தி வைத்த இரண்டு விஷயங்கள் ஒன்றாகிவிடுகின்றன.

சுருக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பக்க பாலிசியை எல்லோரும் படிக்கப் போவதில்லை என்று ஆணையத்துக்கும் தெரியும். அதனால்தான் 2024 ஜனவரி 1 முதல், எளிய சொற்களில் அமைந்த வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்றை ஒவ்வொரு மருத்துவ பாலிசியோடும் திருத்திய வடிவில் நிறுவனங்கள் தர வேண்டும். கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும், தமிழில் கேளுங்கள். தாளுக்கும் பாலிசிக்கும் முரண் வந்தால் பாலிசியில் உள்ளதே செல்லும் என்று அந்தத் தாளே சொல்கிறது. ஆகவே தாளில் காத்திருப்புக் காலம் என்ற பகுதியை மட்டுமாவது எடுத்து, Excl01, Excl03 இரண்டின் பக்கத்தில் வைத்து, உங்கள் வீட்டு ஆட்களையே அந்த நான்கைந்து பேராக நிறுத்திப் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அண்ணன் போர்ட் செய்தவர், நீங்கள் தொகையைக் கூட்டியவர் என்று.

பொருந்தாவிட்டால் புதிய பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் கொடுத்தால், காப்பு இருந்த நாட்களுக்கான பிரீமியம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். இது புதுப்பித்தலுக்குப் பொருந்தாது. இந்த 30 நாள், பாலிசி ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவது. Excl03-ன் 30 நாள், முதல் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து ஓடுவது. குறிப்பு எழுதி வைக்கும்போது இரண்டையும் ‘30 நாள்’ என்று ஒரே வரியில் போட்டுவிடாதீர்கள்.